முதிர்வுத் தேதிக்கு முன்னால்

ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னதும் தெய்வானைக்கு அந்த டெபாசிட்தான் ஞாபகம் வந்தது. கணவர் மயில்சாமி அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். போன மார்ச்சில் வரியை மிச்சம் பிடிக்க வங்கியில் ஒன்றரை லட்சம் போட்டிருந்தார். இப்போது ஈரல் கெட்டு, வயிறு வீங்கிப் படுத்திருந்தார்.

வங்கியின் கோபி கிளையில் வேலை பார்க்கும் சுபிதா, டெபாசிட் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள்.

"இது வரிச்சேமிப்பு டெபாசிட்டுங்கக்கா. அஞ்சு வருசம் எடுக்க முடியாதுங்க. இன்னும் நாலு வருசத்துக்கு மேல இருக்குது."

"வட்டி நட்டமானாலும் பரவால்லீங்க."

"அபராதம் கட்டியும் எடுக்க வழியில்லைங்க. இதை வெச்சுக் கடனும் தர மாட்டாங்க."

"மாசா மாசம் வட்டியாச்சும் வருமுங்களா?"

"முதிர்வுல மொத்தமா வர்ற மாதிரி சார் போட்டிருக்காருங்க. இனி மாத்த முடியாதுங்க."

"அப்ப எப்பத்தானுங்க முன்னாடி எடுக்கலாம்?"

சுபிதா சான்றிதழைத் திருப்பி வைத்தாள். "போட்டவர் இல்லாமப் போனா வாரிசுதாரருக்குத் தருவாங்கக்கா." பிறகு தயங்கி, "வாரிசுதாரர் இடத்துல காளியம்மாள்னு இருக்குதுங்க" என்றாள்.

"அவங்கம்மா. போன ஆடியில தவறிட்டாங்க."

"அப்ப சார் கையெழுத்துப் போட்டு உங்க பேருக்கு மாத்திடுங்கக்கா. இல்லாட்டி பின்னால அலையணும்."

படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எப்படி நீட்டுவது என்று தெரியாமல் சமையலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள்.

"என்னடி, பணம் கெடச்சுதா?"

"இல்லீங்க. ஒரு கையெழுத்து வேணுமாம்."

வாங்கிப் படித்தார். "நான் போனாத்தான் தொறக்குமாக்கும்?" சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. "கையில இருந்தா செலவாயிருமுன்னு நாந்தான் மொத்தமாப் போட்டேன். கெட்டிக்காரன்னு நெனச்சுட்டேன்."

"போடாதீங்க. கிழிச்சுப் போட்டுர்றேன்."

"பேனாவைக் குடு."

வீங்கிய விரல்களுக்குள் பேனா நிற்கவில்லை. வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்று மெதுவாகப் போட்டார். உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று அவரே எழுதினார். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

முன்பணத்துக்குச் சொந்தக்காரர்களிடம் கேட்டு அலைந்தாள். பாதிதான் சேர்ந்தது. வைகாசியில் அவர் போய்விட்டார்.

இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போனபோது சுபிதா தலை நிமிரவில்லை. "இங்க கையெழுத்துப் போடுங்கக்கா. பணம் உங்க கணக்குக்கு வந்துரும்."

"அம்மிணி, அவர் அஞ்சு வருசத்துக்குன்னுதானே போட்டாரு? அது முடியிற வரைக்கும் அப்படியே கெடக்கட்டுமுங்களா?"

சுபிதா பேனாவை நீட்டினாள். கடன் கொடுத்த சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வாசலிலேயே நின்றிருந்தார்கள். தெய்வானை கையெழுத்துப் போட்டாள்.