பெருக்கல் எண் நாற்பது

“ஏங்க, மீட்டர்ல இருந்ததைத்தானே எழுதுனீங்க?”

“பின்ன, என் செல்போன் நம்பரையா எழுதுவேன்?”

“அப்ப அந்த மனுஷன்கிட்ட அதைச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன்ம்மா. சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா எதிரொலியாவது வந்திருக்கும்.”

ஏழு மாதத்துக்கு முன்பு, கணவன் சஸ்பெண்ட் ஆகி வீட்டுக்கு வந்த அன்று நடந்த பேச்சு அது. பத்தொன்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் ரீடிங் எடுத்தவர். அவர் ரீடிங் எடுக்கும் காலனியில் மின்கம்பியில் கொக்கி போட்டுத் திருடுகிறார்கள், இவர் காசு வாங்கிக்கொண்டு குறைத்து எழுதுகிறார் என்று பொறியாளர் முடிவு கட்டிவிட்டார். காலனித் தெருவின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, “இவங்ககிட்ட எவ்வளவுடா வாங்கின?” என்று கேட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரை, டா போட்டு.

அவள் வேலை பார்ப்பதும் அதே மின் அலுவலகத்தில்தான். பில் போடும் கம்ப்யூட்டரில் விவரங்களைப் பதிவது அவள் பொறுப்பு. தினமும் கோப்புகளோடு பொறியாளர் அறைக்குள் போவாள். ஒரு வாக்கியம் தொண்டைவரை வரும். “வேற என்ன?” என்பார் அவர், நிமிராமலே. “ஒண்ணுமில்ல சார்” என்று திரும்பிவிடுவாள். வீட்டில் அந்தக் கோபம் பாத்திரங்களின் மீது இறங்கும். “மெதுவா தேய்ம்மா, அதுவும் சஸ்பெண்ட் ஆகிடப்போகுது” என்பார் கணவர். அவர் சிரிக்கச் சிரிக்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு ஒரு அம்மாள் வந்தார். ஓய்வுக்கு எட்டு மாதம்தான் பாக்கி, அதனால் யாருக்கும் பயமில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். இரண்டு நாள் கணக்குகளைப் புரட்டிவிட்டு, மூன்றாம் நாள் பொறியாளர் அறையில் உட்கார்ந்தார். கோப்புகளை எடுத்துக் கொடுக்க அவளும் பக்கத்தில் நின்றாள்.

“பத்து மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் துணை மின்நிலையத்துலேருந்து இந்தக் காலனி லைனுக்கு வந்தது மாசம் நாலு லட்சத்து இருபதாயிரம் யூனிட். இழப்பு பதினோரு சதவீதம். கம்பியில சூடாகிப் போறது, அது இதுன்னு ஒத்துக்கலாம். அதுக்கப்புறம் வரவு நாலு லட்சத்து எண்பதாயிரம் ஆயிடுச்சு. ஆனா பில் போட்ட யூனிட் அப்படியே நிக்குது. இழப்பு இருபத்திரண்டு. எங்கப்பா போச்சு அந்த அறுபதாயிரம்?”

“காலனி மேடம். எல்லாம் திருட்டுப் பசங்க.”

“எத்தனை வீடு?”

“இருநூத்திப் பத்து.”

“அப்ப வீட்டுக்குக் கிட்டத்தட்ட முந்நூறு யூனிட். ரெண்டு பல்பு, ஒரு ஃபேன். கரண்டைக் கரைச்சுக் குடிக்கிறாங்களா?”

பொறியாளர் சிரிக்கவில்லை. “ரெய்டு போய் அறுபது கொக்கியை அறுத்தோம் மேடம்.”

“பாத்தேன். அடுத்த மாசமும் இழப்பு அதே இருபத்திரண்டு. திருடனைப் பிடிச்சாச்சு, பொருள் மட்டும் இன்னும் காணாமப் போயிட்டே இருக்கு. உங்களுக்கு உறுத்தலையா?”

உறுத்தவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இந்தக் கேள்வியை ஏழு மாதமாக இந்த அலுவலகத்தில் ஒரு ஆள் கேட்கவில்லையே! அவள்கூட.

பெரிய நுகர்வோர் பட்டியலைக் கேட்டார் தணிக்கை அம்மாள். அவள் எடுத்து விரித்தாள். லைனின் கடைசியில் இருக்கும் குளிர்பதனக் கிடங்கின் வரியில் அவள் கண் நின்றது. மாதம் அறுபதாயிரம் யூனிட். வெயில் கொளுத்திய மாதம் மட்டும் அறுபத்தாறாயிரம். இழப்புக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த மாதம் மட்டும் காணாமல் போனதும் ஆறாயிரம் கூடியிருந்தது.

“மேடம், இவங்களுக்கு எவ்வளவு பில் போடறோமோ, அதே அளவு காணாமப் போகுது.”

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “வண்டியை எடுக்கச் சொல்லு.”

கிடங்கில் பத்து மாதம் முன்பு புதிதாக இரண்டு கம்ப்ரஸர்கள் வந்திருந்தன. அவ்வளவு பெரிய மின்சாரத்தை மீட்டருக்குள் நேராக விட முடியாது. கேபிளைச் சுற்றியிருக்கும் சி.டி. என்ற வளையம் அதில் ஒரு சிறு பங்கை மட்டும் மீட்டருக்கு அனுப்பும். பில் போடும்போது அதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். இடுக்கி மாதிரி இருந்த கருவியால் கூட வந்த லைன்மேன் கேபிளைக் கவ்வினார்.

“இருநூத்தி அறுபது ஆம்பியர் மேடம்.”

“மீட்டர்ல?”

“மூணேகால்.”

“நம்ம பில்லுல பெருக்கல் எண் எவ்வளவும்மா?”

“நாற்பது,” என்றாள்.

“அப்ப நூத்தி முப்பதுதான் வருது. சரிபாதி.” வளையத்தின் தகட்டில் டார்ச் அடித்தார் அம்மாள். நானூறுக்கு ஐந்து என்று இருந்தது, அதாவது எண்பதில் ஒரு பங்கு. “எண்பதால பெருக்கியிருக்கணும். இந்த அறுபதாயிரம் திருட்டு இல்ல, பெருக்கல்ல கோட்டை விட்டிருக்கீங்க.”

அப்படியானால் காலனியில் கணவர் எழுதிய ரீடிங் ஒவ்வொன்றும் சரி.

அலுவலகம் திரும்பியதும் அவளே பழைய கட்டுகளைப் பிரித்தாள். மீட்டர் பெட்டியில் எதை மாற்றினாலும் எழுதி அனுப்பும் மாற்ற அட்டைகள் வந்தால் புது மீட்டர் எண் இருக்கும் கட்டத்தைப் பார்ப்பார்கள். எண் இருந்தால் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள், கட்டம் காலியாக இருந்தால் கோப்பில் போட்டுவிடுவார்கள். எல்லோரும் அப்படித்தான். அட்டை கிடைத்தது. மீட்டர் மாறவில்லை, கட்டம் காலி. கீழே, பொடி எழுத்தில்: சி.டி. மாற்றப்பட்டது. அதற்கடியில் பொறியாளரின் கையெழுத்து. ஓரத்தில் கோப்பில் சேர்த்ததற்கான சுருக்கொப்பம், அவளுடையது.

தன் கையாலேயே கணவனின் அடையாள அட்டையைப் பிடுங்கியது போலிருந்தது.

அட்டையோடு அவள் உள்ளே போனபோது தணிக்கை அம்மாள் ஜன்னலோரம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். பொறியாளர் அட்டையை வாங்கிப் பார்த்தார். முதல் முறையாக அவளை நிமிர்ந்தும் பார்த்தார்.

“இதுல உங்க இனிஷியல் இருக்கேம்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “இது வெளிய வந்தா உங்களுக்குத்தான் மெமோ. அட்டை கிடைக்கலன்னு இருக்கட்டும். உங்க வீட்டுக்காரரை அடுத்த மாசம் சத்தமில்லாம உள்ள எடுத்துக்கறேன். வேற என்ன வேணும்?”

இத்தனை நாள் பாத்திரங்கள் மீது விழுந்த கோபம் இப்போது போக வேண்டிய இடத்தைக் கண்டுகொண்டது. அவள் அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, நேராக ஜன்னலோரம் போய் அம்மாளின் முன்னால் வைத்தாள்.

“மேடம், இதைப் படிக்காம கோப்புல போட்டது நான். எழுதிக்குங்க. மெமோ வரட்டும், வாங்கிக்கறேன். கையெழுத்துப் போட்டவரையும் எழுதிக்குங்க. சி.டி. மாத்தினது தெரிஞ்சும், இழப்பு ஏறினப்ப ஒரு நாள் போய்ப் பாக்கலை. ஏழை வீட்டுக் கம்பியை அறுக்கப் போனாரு.”

“என்னம்மா, குரலை உயர்த்தறீங்க?” என்றார் பொறியாளர்.

“இன்னிக்குத்தான் சார் உயர்த்தறேன்.” திரும்பினாள். வெளியே தட்டச்சு ஓசை நின்று, வாசலில் ரெண்டு தலை எட்டிப் பார்த்தது. “ஏழு மாசமா தினம் இந்த ரூமுக்கு வந்து, கேக்காமயே திரும்பிப் போயிருக்கேன். சத்தமில்லாம எடுத்துக்கறதெல்லாம் வேணாம். அதே காலனித் தெருவுக்கு வாங்க. அன்னிக்கு யாரெல்லாம் நின்னாங்களோ, அத்தனை பேர் முன்னாடியும் என் புருஷன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, சார்.”