ஜெயித்த துப்பாக்கி

கவிதாவுக்குச் சுடத் தெரியவில்லை என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவர் எஸ்.ஐ. ஜீவானந்தம்தான். மாவட்டப் போலீஸ் ரைஃபிள் டீமுக்குக் கோச். வாய் கொஞ்சம் நீளம்.

ஏற்காட்டு மலையின் பின்சரிவில், வாழவந்திக்குப் போகும் வழியில் இருந்தது ரேஞ்ச். அங்கே ஒரு ரைஃபிளுக்கு மட்டும் தனி மரியாதை. ஜீவானந்தம் அதை வைத்துத்தான் மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினார். ஆயுத பூஜையில் அதற்குத்தான் முதல் சந்தனம். டீமில் யார் கெட்டியோ அவர்கள் கையில் அதைக் கொடுப்பது வழக்கம். புதிதாகச் சேருகிறவர்களும் ராசிக்காக அதில் நாலு ரவுண்டு சுட்டுவிட்டுத்தான் போவார்கள். மற்றவை அலமாரியில் தூங்கும். இது மட்டும் ஓயாமல் வெடிக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அது தலைச்சோலைக்காரி கவிதாவின் கைக்கு வந்தது. முதலில் அவள் சுட்ட துளைகளை ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். பிறகு இரண்டு கை தேவைப்பட்டது. ஒரே நாளில் கெட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். இதுவோ வாராவாரம் துளித்துளியாகச் சிதறியது. இன்றைக்குக் காற்று, நாளைக்குத் தூக்கமில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. கடைசியில் ஜீவானந்தத்துக்கும் ஒன்று கிடைத்தது.

"கல்யாணம் ஆனதும் கை ஆடுதாக்கும்?" என்றார், எல்லோருக்கும் முன்னால். சிலர் சிரித்தார்கள். அவளை டீமிலிருந்து எடுத்து, டார்கெட்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் நின்று அட்டை ஒட்டும் வேலைக்குப் போட்டார். மாநிலப் போட்டிக்கான பட்டியல் இன்று சாயங்காலம் போக வேண்டும். அதில் அவள் பெயர் இல்லை.

"இந்தத் துப்பாக்கி எப்படிச் சுடும்னு பாருங்க" என்று காலையில் டீமிடம் சொல்லிவிட்டு ஜீவானந்தமே அந்த ராசி ரைஃபிளோடு தரையில் படுத்தார். மூச்சை அடக்கி, விரலை மெல்ல அழுத்திப் பத்து ரவுண்டு விட்டார். குழிக்குள்ளிருந்து கவிதா நீளக் கம்பைத் தூக்கி ஒவ்வொரு துளையாகக் காட்டினாள். ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டு நடுக் கறுப்பை விட்டு வெள்ளைக்கே ஓடிவிட்டன. ஒரே பக்கமாக இழுத்திருந்தால் குறி பார்க்கும் சைட்டைத் திருகிச் சரிசெய்யலாம். இது நாலு பக்கமும் சிதறியிருந்தது. அலமாரியில் தூங்கிய ஒன்றை எடுத்துச் சுட்டார். பத்தும் கறுப்புக்குள் நெருங்கி விழுந்தன.

துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் ஆரோக்கியதாஸிடம் ராசி ரைஃபிளை நீட்டினார். அவர் பின்பக்கமாக அளவுக்கம்பியை விட்டார். கோடு போட்ட இடத்தில் நிற்க வேண்டிய கம்பி அதைத் தாண்டி உள்ளே போனது.

"தொண்டை போயிருச்சுங்க சார். குண்டு வெளிய வர்ற வாய் பளபளன்னுதான் இருக்கு, அதனால நம்ம கண்ணுக்குத் தெரியல. தோட்டா வெடிக்கிற இடத்துக்கு ஒட்டுன மாதிரி இருக்குதே, அங்கதான் சூட்டுக் காத்து மொத மோதும். இரும்பு காஞ்ச ஏரி மாதிரி வெடிச்சு, தூள்தூளா அரிச்சுட்டுப் போயிரும். உள்ள குண்டைச் சுத்த வைக்கிற வரியெல்லாம் மழுங்கிருச்சு. குண்டு சரியாப் பிடிபடாம ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமாக் கெளம்புதுங்க."

"பத்தாயிரம் ரவுண்டுக்கு மேல ஆயிருக்குமே."

"ரவுண்டு மட்டும் இல்லீங்க. ஆற விட்டுச் சுட்டா இன்னும் நாள் தாங்கியிருக்கும். கொதிக்கிற பேரல்ல சுடச்சுட விட்டாத்தான் நொம்ப சீக்கிரம் தின்னுரும்."

ஜீவானந்தம் தலை குனிந்தார். ஏற்காட்டுக்கு எந்தப் பெரிய அதிகாரி வந்தாலும் இதைத் தூக்கிக்கொண்டு போய், மேகஸின் மாற்றி மேகஸின் சடசடவென்று தீர்த்துக் கைதட்டல் வாங்கியவர் அவர்தான். தொட்டால் தோல் உரிந்துவிடும் சூட்டில், அதற்கு மூச்சுவிடக்கூட நேரம் கொடுத்ததில்லை. தான் எரித்த பேரலை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அவள் கையைக் குறை சொல்லியிருக்கிறார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. எல்லாம் காற்றால் வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்னும் கூசினார்.

கவிதாவை மேலே வரச் சொன்னார். டீம் முழுக்க நின்றது.

"உன் கை ஆடல சாமி. பேரல் போயிருக்கு. அதக் கெடுத்ததும் நான்தான். அன்னைக்கு இவங்க முன்னால பேசுனது நொம்பத் தப்பு." அலமாரி ரைஃபிளை நீட்டினார். "இந்த நல்லத எடு. சுடு. உம் பேரை எழுதித்தான் பட்டியல அனுப்பறேன்."

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். அவள் படுத்தாள். ரைஃபிளைத் தோளில் வைத்தாள். முதல் குண்டு அட்டையிலேயே படவில்லை. இரண்டாவது ஓரத்தைக் கிழித்தது. மூன்றாவதுக்கு விரல் வைத்தவள், சுடாமல் எடுத்துவிட்டாள்.

"இது நல்ல துப்பாக்கிங்க சார்" என்றாள், தலையைத் திருப்பாமல். "இப்ப நெசமாவே கை ஆடுதுங்க."