விட்டுப்போன சந்தா

தானா ராத்தாவில் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் கல்வி நிதிக்கு நவமணிதான் கிளார்க். மாதாமாதம் சந்தாக்காரர்களின் கிரெடிட் கார்டு நம்பரைச் சீட்டில் எழுதி, கோலாலம்பூர் பேங்குக்குத் தபாலில் அனுப்புவாள். பணம் ஏறாத சீட்டுகள் காரணத்தோடு திரும்பிவரும்: லிமிட் தாண்டியது, கார்டு தொலைந்தது, தேதி முடிந்தது. சீட்டு திரும்பினால் ஆள் விலகிவிட்டார் என்று அர்த்தமில்லை, போன் போட்டுக் கேட்கவேண்டும், அவரே நிறுத்தச் சொன்னால்தான் பெயரை வெட்டவேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவளே அவள்தான். புதுச் சந்தா பிடிப்பது பெரிதல்ல, பிடித்ததை விடாமல் காப்பதுதான் பெரிது என்று கமிட்டிக்கே பாடம் எடுத்தவள்.

எண்பத்தேழு ஜனவரியில் அமிர்தலிங்கத்தின் சீட்டு திரும்பியது. கார்டு தேதி முடிந்துவிட்டது. போனில் புதுத் தேதியைக் கேட்டு எழுதினால் ஆயிற்று.

நவமணி போனைத் தொடவில்லை.

இன்று கம்போங் ராஜாவில் காய்கறி லோரி முதலாளியான அவர், அன்று தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் பெரிய கிராணி. காய்ச்சலில் கிடந்த அவள் அம்மா வேலாயியின் பெயரை, ஒரு வார்த்தை கேட்காமல் செக்ரோல் என்ற ஆள்பேர்ப் பதிவேட்டிலிருந்து வெட்டியவர். பிறகு புது ஆளாகச் சேர்த்துக்கொண்டார். கிழவியாகி வேலையை விட்டபோது, பெயர் வெட்டியதற்கு முந்தைய சர்வீஸ் பணிக்கொடைக்குச் செல்லாது என்றார்கள். அந்த வயிற்றெரிச்சலோடுதான் அம்மா செத்தாள்.

நவமணி அவர் பெயரை விலகியவர்களோடு சேர்த்தாள். ஏன் ஒரு ஆள் குறைகிறது என்று தலைவர் கேட்டபோது, "அவராவே நிறுத்திட்டாரு," என்று கூசாமல் பொய் சொன்னாள். மனசு குளிர்ந்தது.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். ஆரம்பம் முதல் சந்தா விட்டுப்போகாதவர்களுக்கு ஆண்டுக் கூட்டத்தில் பொன்னாடை போடுவார்கள். தோட்டத்து ஜனங்கள் முன்னால் அதைப் போர்த்திக்கொள்ள அமிர்தலிங்கத்துக்குக் கொள்ளை ஆசை. அழைப்பு வராமல் போகவே, ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"கார்டு தேதி முடிஞ்சிருச்சுங்கய்யா. சந்தா நின்னுபோச்சு."

"ஒரு போன் போட்டிருக்கலாம்லா. விட்டுப்போன மாசத்துக்கெல்லாம் இப்பவே டூயிட் கட்டிடுறேன்மா. பழைய வரிசையிலயே போட்டுரு."

"காசை வாங்கிக்கிறேன். ஆனா புது ஆளாத்தான் சேக்க முடியும். பழைய வருசமெல்லாம் செல்லாது."

"இது என்னம்மா அநியாயம்? ஒரு வார்த்தை கேக்காம வெட்டுவீங்களா?"

"நான் வேலாயி மக."

"எந்த வேலாயி?"

"காய்ச்சல்ல கிடந்தப்ப நீங்க பேர் வெட்டின வேலாயி."

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "எத்தனையோ பேரை வெட்டியிருக்கேன்மா. யாருன்னு ஞாபகமில்ல."

அதுவரை நவமணியின் மனசோரத்தில் அந்த நரைத்த தலைக்காகக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அத்தோடு அதுவும் போயிற்று. புதுச் சந்தா ஃபாரத்தை அவர் முன்னால் தள்ளினாள். கார்டைப் பார்த்துப் பார்த்து நம்பரை எழுதி, கையெழுத்தும் போட்டார். சேர்ந்த தேதியை மட்டும் நவமணி தன் கையாலேயே எழுதினாள், இன்றைய தேதி.