ரூட்டின் கூரை

இயற்பியல் பேராசிரியை வலது கையில் மாவுக்கட்டோடு வந்ததால், அன்றைக்குப் போர்டில் ஒரு கோடுகூட விழவில்லை. சூத்திரங்களை எல்லாம் வாயாலேயே சொல்லி முடித்தார். ஒலிப்பதிவைக் கேட்டுப் பாடச்சுருக்கம் எழுதும் வேலை வகுப்புக்கே குறிப்பெடுத்துக் கொடுக்கும் மாணவியான குறிப்புக்காரியின் தலையில் விழுந்தது.

ஊசலின் அலைவு நேரத்துக்கு, “டூ பை ரூட் எல்...” என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, “ஓவர் ஜி” என்றது குரல். அந்த இடைவெளியை நம்பி, ரூட்டின் கூரையை, அதாவது √ குறியின் மேல்கோட்டை, l-க்கு மட்டும் போட்டாள்: T = (2π√l)/g.

அடுத்த நிமிடமே குரல் சொன்னது: “ஒரு மீட்டர் ஊசல் போய்ட்டு வர ஏறக்குறைய ரெண்டு செகண்ட்.”

எண்களைப் போட்டுப் பார்த்தாள். 0.64 வந்தது. இதென்ன கூத்து! பீரோ சாவியை ஒரு மீட்டர் நூலில் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு லேசாக ஆட்டினாள். பத்து ஆட்டத்துக்கு இருபது விநாடி. g-யையும் கூரைக்குள் இழுத்துக் கணக்குப் போட்டாள். 2.01.

போனை எடுத்தாள்.

“மேடம், ஜி ரூட்டுக்கு உள்ளதானே?”

“உள்ளதாம்மா. ஏன், என்ன சந்தேகம்?”

“எல்லுக்கு அப்புறம் நிறுத்தினீங்களே, ரூட் அங்கயே முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன்.”



“கை வலிச்சுதும்மா. அதான்.”

T = 2π√(l/g) என்று திருத்தினாள். பிறகு பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் குரல் பதினோரு இடத்தில் நின்றிருந்தது.