வெளிநாட்டுப் பார்ட்டி

வெளிநாட்டில் பள்ளிக்கூடங்களுக்கு எப்போது லீவு விடுகிறார்களோ, அப்போதுதான் இந்தத் தெருவில் கல்யாண சீசன். மண்டபத்துக்காரர், பூக்கடைக்காரர், போட்டோக்காரர் எல்லாரும் விமானத்தைப் பார்த்துக்கொண்டுதான் பிழைப்பு நடத்தினார்கள். பார்லர்க்காரி மட்டும் என்ன, சன்னியாசமா வாங்கியிருந்தாள்? அவளிடமும் ஒரு 'எக்ஸ்பிரஸ் பேக்கேஜ்' இருந்தது. வந்து இறங்கியதும் ட்ரையல், முந்தின வாரம் ஃபேஷியல், முந்தின நாளே கொசுவம் மடித்துத் தேய்த்துவைத்த சேலை, கல்யாணத்தன்று அவள் கையாலேயே அலங்காரம். அட்வான்ஸ் போட்டால்தான் தேதி. போட்ட அட்வான்ஸ் திரும்பாது, கொடுத்த தேதி நகராது.

உள்ளூர்ப் பெண்கள் வந்தால், "சீசன் முடிஞ்சு வாங்கம்மா, நிதானமாப் பண்ணலாம்" என்பாள், என்னவோ அவர்கள் கல்யாணமும் அதுவரை நிதானமாகக் காத்திருக்கும் என்பதுபோல.

இப்படியிருக்க, அவள் சொந்த மகளுக்கே சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை. அவருக்கு லீவு கிடைத்ததும் சீசன் நடுவில்தான். தேதியைக் கேட்டதும் பார்லர்க்காரி புக்கிங் நோட்டைப் புரட்டினாள்.

"அன்னைக்கு ஒரு ஃபுல் பேக்கேஜ் இருக்கேடி. போன மாசமே அட்வான்ஸ் வந்தாச்சு."

"கேன்சல் பண்ணக் கூடாதாம்மா?" என்றாள் மகள்.

"பண்ணிட்டு? அவங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வார்த்தை எழுதினா போதும், அடுத்த வருஷம் நான் ஈ ஓட்டணும். நம்ம பியூட்டிஷியன் உன்னை ரெடி பண்ணுவா. நான் அந்தப் பார்ட்டியை முடிச்சிட்டு முகூர்த்தத்துக்கு ஓடி வந்துடுவேன்."

மகள் தலையாட்டிவிட்டுப் போனாள். பெரிய மனசு என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பார்ட்டியைப் போலத் தங்கமான பார்ட்டி கிடையாது. புக்கிங் செய்தவள் மணப்பெண்ணின் சித்தியாம். பேரம் பேசவில்லை. மணப்பெண்ணுக்கு நைட் ஷிஃப்டாம், வீடியோ காலில் வர நேரமில்லையாம். உள்ளூர்க்காரி இதையே சொல்லியிருந்தால், "வராத பொண்ணுக்கு எப்படிம்மா மேக்கப் போடறது?" என்று கேட்டு அனுப்பியிருப்பாள். வெளிநாட்டு நம்பர் ஆயிற்றே, பாவம் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று உருகிப்போனாள். தோல் நிறம் பார்க்க, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல், கழுத்தையும் மணிக்கட்டின் உள்பக்கத்தையும் மட்டும் எடுத்து அனுப்பச் சொன்னாள். படம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்து, "மஞ்சள் சாயல். அங்கே குளிர்லயே இருக்கிற பொண்ணு, எப்படி மினுங்குது பாரு" என்று பியூட்டிஷியனிடம் காட்டி, அதற்கென்றே ஒரு ஃபவுண்டேஷன் வரவழைத்தாள்.

ட்ரையல் நாள் வந்தது. ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டு, நாற்காலியில் புதுத் துண்டு விரித்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு மகள் வந்தாள். நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுந்திருடி, பார்ட்டி வர்ற நேரம்."

"வந்தாச்சும்மா. நான்தான்."

"விளையாடாத."

"நம்ம சித்தியோட சிநேகிதி வெளிநாட்டுல இருக்காங்கல்ல, அவங்களையே சித்தின்னு பேசவெச்சு, அவங்க நம்பர்லேருந்து புக் பண்ணேன். கல்யாணத் தேதி மாப்பிள்ளை வீட்டுல முன்னாடியே பாத்து வெச்சிருந்தாங்க, அவரு எங்கிட்ட சொன்னாரு. உங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அட்வான்ஸ் போட்டுட்டேன்."

பார்லர்க்காரிக்கு முதலில் வாயில் வந்தது இதுதான்: "அப்ப நிஜமா ஒரு பார்ட்டி இல்லையா?" சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. பியூட்டிஷியன் நைசாகத் துண்டு மடிக்க உள்ளே போய்விட்டாள்.

மேஜைமேல் அந்த ஃபவுண்டேஷன் இருந்தது. வழக்கம்போல மகளின் மணிக்கட்டைத் திருப்பி ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். தோலோடு கலந்து காணாமல் போயிற்று. கடல் தாண்டி இருந்த கைக்கு இம்மி பிசகாமல் நிறம் கண்டுபிடித்த கெட்டிக்காரிக்கு, தான் பெற்று வளர்த்த கை என்று மட்டும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மகளின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

"சொல்லியிருந்தா?"

மகள் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்லர்க்காரி தினமும் எத்தனையோ பேரிடம், எத்தனையோ முகங்களைப் பார்த்து, வாய் கூசாமல் பொய் சொல்லுகிறவள்தான். இந்த ஒரு முகத்திடம் வரவில்லை.

"அந்தத் தேதியையும் வேற யாருக்காவது குடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அழுகிற மகளின் கண்ணை டிஷ்யூவால் ஒற்றத் தொடங்கினாள்.