டிஸ்ப்ளே: சோதிக்கவில்லை

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் மெஷின்களைப் பழுது பார்த்து ரிட்டயரான சின்னராசு, செத்துப்போன லேப்டாப்பை விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டார். அது விளம்பரமா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டா என்று எமனே குழம்பியிருப்பான்.

"டீ கொட்டியது. ஆன் ஆகவில்லை. பேட்டரி உப்பியதால் கழற்றியாச்சு. ஹார்ட் டிஸ்க் இல்லை. டிஸ்ப்ளே உடையவில்லை, வேலை செய்யுமா என்று சோதிக்கவில்லை. உதிரிபாகத்துக்கு மட்டும்."

"இத்தப் படிச்சா திருடன்கூட ஊட்டுப் பக்கம் வரமாட்டான்," என்றாள் மனைவி செண்பகம். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பால பழைய இரும்புக்காரனுக்குத்தான்."

சனிக்கிழமை, பொன்னேரியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நர்மதா வந்தாள். ஒரு கஸ்டமருடைய அதே மாடல் லேப்டாப்புக்கு டிஸ்ப்ளே தேவை.

"ஸ்கிரீன் நல்லாருக்குமா சார்?"

ஆமான்னு சொல்லுங்க என்று செண்பகம் கண்ணாலேயே மிரட்டினாள். சின்னராசு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தெரியாதும்மா."

"அதான் இத்த எடுத்துனு வந்தேன்." நர்மதா பையிலிருந்து கஸ்டமர் லேப்டாப்பை எடுத்தாள். "மத்தவங்க சூப்பர் கண்டிஷன்னு போடறாங்க. நம்பி வாங்கினுபோய் மாட்டினா கோடு கோடா வருது. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான்."

கஸ்டமர் லேப்டாப்பின் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, சின்னராசுவின் டிஸ்ப்ளேயைக் கழற்றி அதில் மாட்டி, மறுபடி இணைத்து ஆன் செய்தாள். ஊரே மூச்சைப் பிடித்து நின்றது போலிருந்தது. திரை பளிச்சென்று வந்தது.

அவள் டிஸ்ப்ளேயை மட்டும் வாங்கிக்கொண்டு போனதும், சின்னராசு விளம்பரத்தைத் திருத்தினார்: "டிஸ்ப்ளே நன்றாக இருந்தது. இப்போது இல்லை."

செண்பகம் எட்டிப் பார்த்தாள். இரும்புக்காரன் பேச்சையே காணோம்.

"மூடியில ஒரு கீறல் இருக்குது," என்றாள். "அத்தயும் எழுதுங்க."