பிடியாளுக்குப் பெயர் இல்லாத ஊர்

விஜிலா தன் புருஷனிடம் ஒரு பொய் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு பொய்தான். விபத்து நடந்த அன்று அவள் தம்பி அனிஷ் வள்ளத்துக்கு வராததற்குக் காரணம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள். ஏழு மாதமாக ரெக்சன் அதை நம்பிக்கொண்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் கட்டிலில் கிடக்கிறான். உண்மை தெரிந்தால் அவன் இனி அவள் முகத்தில் விழிப்பானா என்பதுதான் அவளுக்கு ராப்பகலாக இருந்த ஒரே பயம்.

காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அனிஷை வீட்டில் பிடித்து வைத்தது ஒரு கட்டுரை.

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து எம்.ஏ. தமிழ் படிக்கப் போனவள் விஜிலா. கடற்கரைக் குடியிருப்பான தெரஸ்புரத்தில் அதைப் பற்றிப் பேச வாய்களுக்குப் பஞ்சமில்லை. ரெக்சன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போய்விட்டு மத்தியானம் வந்து, கண் சிவக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று கேட்பான். பாதி கேட்கும்போதே தூங்கிவிடுவான். அப்படி ஒருவன் வாய்த்ததில் அவளுக்குப் பெருமை உண்டு.

படிப்பின் முடிவில் ஒரு நாவலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதித் தர வேண்டும். அவள் எடுத்தது 'ஏழாம் கூரை' என்ற அறிவியல் புனைவு. அதில் ஒரு நகரம். காற்று கெட்டுப்போன நகரம். நல்ல காற்று மேல்தளத்தில் மட்டும்தான். கீழ்த்தளத்தில் இறங்கி வேலை செய்கிறவனுக்கு ஒரு குழாய் வழியாகக் காற்று போகும். குழாயின் மறுமுனையைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பிடியாள் என்று பெயர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், பிடியாள் மாறுவான். கீழே இருப்பவன் யார் என்று பிடியாளுக்குத் தெரியாது. மேலே இருப்பவன் யார் என்று கீழே உள்ளவனுக்கும் தெரியாது. எண் மட்டும்தான். யாராவது செத்தால் விசாரணை நடக்கும், எல்லாரும் அவரவர் நேரத்துக்குச் சரியாகத்தான் பிடித்தார்கள் என்று தீர்ப்பு வரும். ஒருவனுடைய சாவை இன்னொருவன் சுமக்க வேண்டியதில்லை, அதுதான் எங்கள் நகரத்தின் நீதி என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

விஜிலாவின் முதல் வரைவு எட்டுப் பக்கத்தில் எல்லாவற்றையும் உடைத்துப் போட்டது. அந்த நகரம் என்றால் நம் ஊர், பிடியாள் என்றால் ஒப்பந்தக்காரன், மணி என்றால் ஷிப்ட் மணி. அதை வாசித்த அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை அருணாசலவடிவு மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் ஆற்றங்கரை வயல் ஊர்க்காரர், கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். விடுகதைக்கு விடை எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய், அப்படியென்றால் ஆசிரியர் நேராக ஒப்பந்தக்காரன் என்றே எழுதியிருக்கலாமே, எதற்கு ஒரு நகரத்தையே கட்ட வேண்டும் என்று கேட்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். அந்த உலகத்தில் மாறியிருப்பது ஒரே ஒரு விஷயம்தான், அதை முதலில் கண்டுபிடி. மற்றதெல்லாம் நம் ஊரில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று பார். மாறிய அந்த ஒன்றிலிருந்து சட்டம், பழக்கம், கல்யாணம், பேச்சு எல்லாம் கணக்குத் தப்பாமல் எப்படி முளைக்கின்றன என்று காட்டு. மந்திரக் கதையில் எதுவும் நடக்கும், இதில் அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, அதனால்தான் நம்புகிறோம். அந்த ஊர்க்காரனுக்கு எதுவும் விசித்திரமாகப் படவில்லை என்பதைக் கவனி. ஆசிரியர் அவனைத் திட்டவுமில்லை, நமக்கு விளக்கம் சொல்லவுமில்லை. வாசகன் அங்கே போய் அந்நியனாக நின்று திகைத்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டுத் தன் தெருவுக்கு வருகிறான். வந்த கண் போன கண் இல்லை. இத்தனை நாள் இயல்பு என்று நினைத்தது அவனுக்கு விசித்திரமாகத் தெரிகிறது. அந்தத் திரும்பி வருதலை எழுது என்றார்.

விஜிலா இரண்டு வாரம் நாவலை மறுபடி மறுபடி வாசித்தாள். மேடம் சொன்னது சரிதான். அந்த நகரத்திலும் டீக்கடை இருந்தது, பேருந்துக்கு அடிதடி இருந்தது. ஒரு கல்யாண வீட்டுக் காட்சியில் மணப்பெண்ணின் தோழி, உன் மாப்பிள்ளைக்கு யார் பிடிப்பார்கள் என்று விவரம் தெரியாமல் கேட்டுவிடுவாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். யார் பிடித்தால் என்ன என்று மணப்பெண் சொல்வாள். அதில் ஒரு சோகமும் கிடையாது. ஜிலேபி பரிமாறும் வரியோடு காட்சி முடிந்துவிடும். வாசிக்கிற விஜிலாவால்தான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஏன் என்று யோசித்தபோது அவளுக்குத் தன் வீடு ஞாபகம் வந்தது. முத்துக் குளித்த காலத்திலிருந்து அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவனுடைய கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். அண்ணன் தம்பி பிடித்தால் சொத்து ஆசை வரலாம், சிநேகிதன் பிடித்தால் கவனம் பிசகலாம், மச்சினன் மட்டும் தன் அக்காளைத் தாலியறுக்க விடமாட்டான். முத்து போய் வெகுகாலம் ஆகிவிட்டது. சங்குக்குக் கம்ப்ரசரும் காற்றுக்குழாயும் வந்துவிட்டன. பல வள்ளங்களில் கிடைத்த ஆளைப் போட்டுக்கொள்கிறார்கள். ரெக்சனுக்கு மட்டும் அப்போதும் அனிஷ்தான் பிடித்துக்கொண்டிருந்தான். மேலே வரும்போது பாதி ஆழத்தில் ரெக்சனை நிறுத்திவைத்து, ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் அனிஷ் கயிற்றை இழுப்பான். எத்தனை அவசரம் என்றாலும் ஜெபமாலையின் ஒரு மணியைக்கூடக் குறைக்கமாட்டான். அழுத்தத்திலிருந்து சடாரென்று வந்தால் ரத்தத்தில் காற்று பொங்கிவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நாவலாசிரியர் உலகத்திலிருந்து எடுத்துவிட்டது இந்த ஒன்றைத்தான் என்று விஜிலாவுக்குப் புரிந்தது. கயிறு பிடிப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் நடுவில் உள்ள உறவை உருவிவிட்டு, மீதி எல்லாவற்றையும் ஒழுங்காக நடக்கவிட்டிருக்கிறார். கொடுங்கோலன் ஒருவன்கூட இல்லாமலே ஒரு நகரம் எவ்வளவு பயங்கரமாகிவிடுகிறது. அதைப் படித்துவிட்டுத் துறைமுகத்தைப் பார்த்தால், தொழிற்சாலை வாசலைப் பார்த்தால், ஆள் மாறிக்கொண்டே இருக்கிற ஒவ்வொரு இடமும் அந்த நகரமாகத் தெரிகிறது. மச்சினன் வழக்கத்தை அளவுகோலாக வைத்து அவள் நாற்பது பக்கமும் எழுதினாள். தன் வாழ்க்கையில் அதைவிட நன்றாக அவள் எதையும் எழுதியதில்லை. மேடம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் டைப் செய்து கொண்டு வந்துவிடு, நாள் தவறினால் இந்த வருடம் போய்விடும் என்றார்.

விஜிலாவுக்குத் தமிழ் டைப்பிங் ஊர்ந்துதான் வரும். அனிஷ் கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவன், விரல் பறக்கும். வியாழன் ராத்திரி வரை பாதிகூட முடியவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போது அனிஷ் வள்ளத்துக்குக் கிளம்பினான். அவள் வாசலில் மறித்தாள்.

"ஒரு நாளைக்கு யாரு புடிச்சா என்னலே? சிலுவை அண்ணாச்சி வேற ஆள் போடுவாரு."

சொன்ன வாய் தன்னுடையதுதான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. மணப்பெண்ணின் வரியை மேற்கோள் காட்டி இரண்டு பக்கம் விளக்கியவள், அதே வரியைச் சொல்லிவிட்டு அடுப்பில் டீ பொங்குகிறது என்று உள்ளே ஓடினாள். இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படிக் கெட்டிக்காரியாக இருப்பது?

ரெக்சன் முன்னாலேயே கரைக்குப் போயிருந்தான். அனிஷுக்குக் காய்ச்சல் என்று விஜிலா போனில் சொன்னாள். வள்ளத்துச் சொந்தக்காரர் சிலுவை, வேலை தேடி ஆற்றுப்பக்கத்து ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த வீரபாகுவைக் கயிற்றில் உட்கார வைத்தார். பத்து மணிவாக்கில் கம்ப்ரசர் இருமியது. காற்று நின்றுவிடும் என்று வீரபாகு பதறினான். தன் முழுப் பலத்தையும் கொடுத்து ரெக்சனை ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்துவிட்டான். வள்ளத்தில் ஏறிய ரெக்சன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து டீயும் குடித்தான். அரை மணி நேரத்தில் கால் மரத்தது. கரை வந்தபோது எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரி, அங்கிருந்து இன்னொரு ஆஸ்பத்திரி என்று அலைந்ததில் நேரம் கடந்துவிட்டது. ஐந்து மணிக்கு அனிஷ் கட்டுரையைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்தபோதுதான் அக்காள் தம்பி இரண்டு பேருக்கும் சேதி தெரிந்தது.

யார் மேலும் தப்பில்லை என்று ஊர் சொன்னது. கம்ப்ரசர் என்றால் இருமத்தான் செய்யும். வீரபாகு உயிரைக் காப்பாற்றினான். சிலுவை காலியிடத்துக்கு ஆள் போட்டார். எல்லாரும் சரியாகத்தான் செய்தார்கள். அனிஷ் மட்டும் அதற்குப் பிறகு கடல் பக்கம் போகவில்லை, அத்தான் கிடக்கிற அறைக்குள்ளும் வரவில்லை. வாசலோடு நின்று அக்காளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவான். காய்ச்சல் என்று விஜிலா சொன்ன பொய் அவனையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது.

கட்டுரைக்குத் துறையிலேயே முதல் மதிப்பெண் கிடைத்தது. கல்லூரித் தொகுப்பில் அச்சாகி, புத்தகத்தை மேடமே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கட்டிலில் கிடந்த ரெக்சன் அதை வாங்கிப் புரட்டினான். பெண்டாட்டியின் பெயரைத் தடவிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்து அவள் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"வாசிளா. இப்ப எனக்குத் தூக்கம் வராது" என்றான்.

அவளால் மறுக்க முடியவில்லை. நகரத்தைப் பற்றி வாசித்தாள், குழாயைப் பற்றி, மணியைப் பற்றி. அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். இடையில் நிறுத்தி, செத்தவனுடைய பெண்டாட்டிக்கு அன்றைக்கு யார் பிடித்தது என்று கடைசி வரை தெரியாதா என்று கேட்டான். தெரியாது என்றாள். மச்சினன் வழக்கம் வரும் பக்கத்தைத் தாண்டிவிடலாம் என்று விரல் தாளைத் திருப்பியது. பிறகு, இன்னும் எத்தனை நாள் இப்படிச் செத்துச் செத்துப் பிழைப்பது என்று தோன்றியது. திருப்பிய தாளைத் திரும்பக் கொண்டுவந்து, ஒரு சொல் விடாமல் வாசித்தாள். ஜெபமாலை சொல்லி முடிக்கிற வரை கயிற்றை இழுக்காத ஒருவனைப் பற்றி அவள் பெயர் சொல்லாமல் எழுதியிருந்த இடம் வந்ததும் குரல் உடைந்தது.

ரெக்சன் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி மூடினான்.

"இதை எழுதி முடிச்சு என்னைக்குக் குடுத்த?"

"அந்த வெள்ளிக்கெழம."

"அனிஷுக்குக் காய்ச்சல்லா அன்னைக்கு."

"காய்ச்சல் இல்லங்க. இங்கனதான் இருந்தான். இதத்தான் டைப் பண்ணிக்கிட்டு இருந்தான். நாந்தான் போக விடல."

அவன் கத்துவான், புத்தகத்தை எறிவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று மனசைக் கல்லாக்கி வைத்திருந்தாள். அவன் இரண்டு கைகளாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்து உடம்பின் மேல்பாதியை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பினான். கால்கள் திரும்பாமல் அப்படியே கிடந்தன. அவள் அவற்றைத் தொட்டு ஒழுங்குபடுத்தப் போனாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ அந்த ஊர மோசம்னு எழுதிருக்க" என்றான் சுவரைப் பார்த்து. "அது நல்ல ஊருளா. அங்கன கெடக்கவனுக்கு யாரையும் வெறுக்க வேண்டாம்லா."